மடிப்பு மாறும் நாள்

அம்பாசமுத்திரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, மார்கழிப் பனியும் அடங்கி, பொங்கல் கழிந்த சில நாட்களில் ஆச்சி மச்சிலிருந்து தேக்குப்பெட்டியை இறக்கச் சொல்வாள். அந்த நாளை அவள் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததில்லை. அடுக்களையில் உப்பு ஜாடிக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். கல்லுப்பு விரலில் ஒட்டினால், "இன்னைக்கு வேண்டாம், காத்துல இன்னும் ஈரம் கெடக்கு" என்று மூடி வைத்துவிடுவாள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றுதான் சேலை பிரிக்கும் நாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக அது அமைந்துவிட வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொள்வேன். ஏனென்றால் சேலையின் மறுமுனையைப் பிடிக்க ஆச்சிக்கு நான்தான் வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேல்தான் பெட்டி திறக்கும். அதற்கு முன் பட்டாசலைக் கூட்டித் துடைத்து, ஈரம் காய்ந்தபின் பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் தாத்தாவின் பழைய எட்டுமுழ வேட்டியைப் பரப்பியிருப்போம். அந்த வேட்டிக்குக் கஞ்சி போட்டிருக்கக் கூடாது. கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும். ஆச்சி வளையல்களைக் கழற்றி மாடக்குழியில் வைப்பாள். மோதிரத்தையும் கழற்றுவாள். கல் பதித்த மோதிரம் ஒரு இழையைக் கொத்தி இழுத்தால் அந்த இழை பழையபடி படியாது. பிறகு என்னைப் பார்ப்பாள்.

"ஏட்டி, கையக் கழுவுனியா?"

"கழுவிட்டேன் ஆச்சி."

"துடச்சியா?"

நான் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட வேண்டும். மோந்து பார்ப்பாள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் வாசனை கையில் இருந்தால் மறுபடியும் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும். பட்டில் எண்ணெய்க் கை பட்ட இடம் அன்றைக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பழுப்பாக எழும்பி வரும் என்பாள்.

பெட்டிக்குள் ஒவ்வொரு பட்டுச் சேலையும் ஒரு வெள்ளைத் துணிப்பைக்குள் இருக்கும். மல் துணியில் ஆச்சி கையாலேயே தைத்த பைகள் அவை. ஒவ்வொன்றாக எடுத்து, உதறாமல் வேட்டியின்மேல் பிரித்துப் போடுவாள். உதறினால் மடிப்பு இருக்கும் இடம் பட்டென்று வெட்டி இழுபடும். ஏற்கெனவே நைந்திருந்தால் அங்கேயே கிழியும். பிரித்த சேலைகள் ஜன்னல்கள் திறந்த பட்டாசலில், நிழலில், காற்றோட்டமாகக் கிடக்கும். மொட்டைமாடி வெயிலுக்குப் போவது பருத்திச் சேலைகள் மட்டும். பட்டை வெயிலில் போட்டால் சாயம் வெளிறும், நூலும் வலுவிழந்துபோகும். மாலை நான்கு மணிக்குள் எல்லாம் மடித்து முடிந்துவிட வேண்டும். பொழுது சாயச் சாயத் தாமிரபரணிப் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறும். அந்த ஈரத்தையும் சேர்த்து மடித்து மூடினால் பகல் முழுக்கக் காயப்போட்டதற்குப் பலனில்லை.

ஆனால் காற்றாடப் போடுவது ஆச்சிக்குப் பாதி வேலைதான். மீதிப் பாதி, போன தடவை மடித்த இடத்தில் இந்தத் தடவை மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்வது. "சேல கட்டுறதால கிழியுறதில்லட்டி, மடிச்சு வச்ச எடத்துலதான் சாகும்" என்று அவள் சொல்வது எனக்குப் புரியாமல்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடையை இரவில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, காலையில் கத்தி மடிப்போடு உடுத்திப் போகிற பிள்ளை நான். மடிப்பு கூர்மையாக விழுந்தால் அழகு என்றுதான் தெரியும். பட்டுக்கு மட்டும் அது ஏன் ஆகாது என்று கேட்டேன்.

ஆச்சி ஒரு காஞ்சிபுரம் சேலையின் முந்தானைக் குஞ்சத்தில் தனியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சரிகை இழையை நகத்தால் நெருடிக் காட்டினாள். பொன்னாக மின்னிய இழை பிரிந்தது. உள்ளே சிவப்பு நூல் இருந்தது. அந்தச் சிவப்புப் பட்டுநூலைச் சுற்றி, தட்டையாக அடித்த வெள்ளித் தகடு நாடாவாகச் சுற்றியிருந்தது. மேலே தங்க முலாம். சூரத்தில் செய்து காஞ்சிபுரத்துக்கு வருகிற நல்ல சரிகையின் எடையில் பாதிக்கு மேல் வெள்ளிதான். தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. எந்தப் பட்டுச் சேலையின் மடிப்பைப் பார்த்தாலும் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிவப்பு நூல்தான். பட்டுநூல் வளைந்தால் கொஞ்சம் மீளும். உலோகத் தகடு மீளாது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் எப்படி முறிகிறதோ, சரிகையும் அப்படித்தான் மடிப்பில் முறிகிறது. தகடு விண்டுபோன இடத்தில் உள்ளே இருக்கும் சிவப்பு எட்டிப்பார்க்கும். அதன் பிறகு உரசலையெல்லாம் அந்த மெல்லிய பட்டுநூல் தனியாகத் தாங்க வேண்டும்.

மடிப்பை நகர்த்த ஆச்சி வைத்திருந்த வழி மிக எளிது. சேலை 18 அடி நீளம். நான் முந்தானையின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு பட்டாசலின் ஒரு கோடியில் நிற்பேன். அவள் மறுமுனையைப் பிடித்திருப்பாள். முதலில் அகலத்தை மடித்துக்கொண்டு, பிறகு நான் நடந்து போய் என் முனையை அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது இரண்டு முனையும் ஒன்றாகச் சேர்ந்தால் மடிப்பு சரியாக ஒன்பதாம் அடியில் விழும். அடுத்த மடிப்புகளும் நாலரை, இரண்டேகால் என்று அதே பழைய இடங்களில் போய் உட்காரும். அதனால் ஆச்சி முந்தானை முனையை ஒரு சாண் வெளியே தள்ளி நீட்டி வைப்பாள். ஒரு சாண் தள்ளினால் நடு மடிப்பு அரைச் சாண் நகர்ந்துவிடும். அதன் பின்னால் வருகிற மடிப்புகளும் இடம் மாறிவிடும். அடுத்த முறை மடிக்கும்போது மறுமுனை ஒரு சாண் வெளியே நீளும். அதற்கடுத்த முறை இரண்டும் சமம். மூன்று தடவை மடித்தால் மூன்று வெவ்வேறு இடத்தில் மடிப்பு. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு தடவை ஓய்வு கிடைக்கிறது.

எந்த முறை எப்படி மடித்தோம் என்பதை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. சேலையைப் பிரிக்கும்போதே எந்த முனை நீண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். எழுதி வைக்காமல், பிரித்த கையோடு தெரிந்துகொள்ள முடிகிற ஒரு ஒழுங்கு அது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சியின்மேல் பெரிய மரியாதை வருகிறது.

அகல மடிப்பில்தான் அவள் இன்னும் கவனமாக இருந்தாள். அகலம் ஏறக்குறைய 4 அடி. எல்லோரும் செய்வதுபோல் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால், ஓரத்திலிருந்து ஒரு அடியில் ஒரு மடிப்பு, இரண்டாவது அடியில் ஒன்று, மூன்றாவது அடியில் ஒன்று விழும். நாலு விரற்கடைக் கரை உள்ள சேலைக்கு இதில் கெடுதல் இல்லை. மடிப்பெல்லாம் உடலில்தான் விழும். எங்கள் வீட்டில் மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கு இருபக்கமும் ஒரு அடி அகலக் கரை. காஞ்சிபுரத்தில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் கொடுக்க, ஊடு இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். அந்த இணைப்பைக் கோர்வை என்பார்கள். இரண்டு நிறமும் சந்திக்கிற அந்தக் கோடு ஒரு அடியில் இருக்கிறது. நாலாக மடித்தால் மடிப்பும் சரியாக அந்தக் கோட்டில்தான் விழுகிறது. நெசவிலேயே அதிகப் பிடிப்பு ஏறிய இடம் அது. அங்கே வருஷக்கணக்கில் மடிப்பும் உட்கார்ந்தால் கரை தனியாக, உடல் தனியாக விட்டுப்போகும். ஆச்சி அந்தச் சேலையை மட்டும் அகலத்தில் மூன்றாக மடிப்பாள். மூன்றாக மடித்தால் மடிப்பு ஓரத்திலிருந்து 16 அங்குலத்தில் விழும். கோர்வைக்கு நாலு அங்குலம் உள்ளே, சரிகை இல்லாத வெறும் பட்டில்.

நீளத்தை மடிக்கும்போது முந்தானை எப்போதும் வெளிச்சுற்றில் வரவேண்டும். பல அடுக்காக மடித்த சேலையில் உள்ளே சிக்குகிற அடுக்குதான் மிகக் கூர்மையாக வளைகிறது. வெளியே இருப்பது தளர்வாகச் சுற்றிக்கொள்கிறது. சரிகை அதிகம் உள்ள முந்தானையைத் தளர்வான இடத்தில் விட வேண்டும். அப்படியும் போதாது என்று ஆச்சி பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டைவிரல் பருமனுக்குச் சுருட்டி, கடைசி மடிப்புகளுக்குள் வைத்துவிடுவாள். மடிப்பு கோடாக விழாமல் உருண்டையாக நிற்கும். சுருளை உள்ளே வைத்தபின் அவள் உள்ளங்கையால் அழுத்த மாட்டாள். நான் தட்டிக் கொடுக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள். "அமுக்காத. அது மூச்சு விடட்டும்."

பிறகு பை. கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறைகளை ஆச்சி அன்றே கழற்றி எறிந்துவிடுவாள். அதற்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழியில்லை, வெள்ளி கறுக்கும். அட்டைப்பெட்டியும் ஆகாது. செய்தித்தாள் விரித்துச் சேலை அடுக்குவது ஊரெல்லாம் வழக்கம். ஆச்சிக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அச்சு மை வெளிர் நிறப் பட்டில் ஒட்டும், தாளும் நாள்பட்டுப் பழுப்பாகித் துணியையும் பழுப்பாக்கும். பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துவைத்த வெள்ளைத் துணிதான் போட்டிருப்பாள்.

வாசனைப் பொருட்களில் வசம்பும் கிராம்பும் சிறு துணி முடிச்சாகப் பெட்டியின் மூலைகளில் இருக்கும். வேப்பிலையும் போடுவாள்; நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்தபின்தான். பாதி காய்ந்த இலை தானே ஈரம் விட்டுக் கறை பிடிக்கும். அத்தை ஒருமுறை பட்டணத்திலிருந்து அந்துருண்டை வாங்கி வந்து சேலை மடிப்புகளுக்குள் போட்டுவைத்தாள். ஆச்சி அதையெல்லாம் பொறுக்கி எடுத்து, தனித் துணியில் முடிந்து, பெட்டியின் மேல்பக்கம் தொங்கவிட்டாள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலிருந்து தானே கீழே இறங்கும். சரிகையைத் தொட்டபடி கிடந்தால் சரிகை மங்கும். அதோடு, கற்பூரமும் அந்துருண்டையும் ஒரே பெட்டியில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவே கூடாது. தனித்தனியாகத் திடமாக இருக்கிற இரண்டும் சேர்ந்தால் நம் ஊர் வெக்கைக்கு நீராக உருகித் துணியில் எண்ணெய்க் கறையாக இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் அந்துருண்டைக்கு உண்டு. எது போட்டாலும் வாசனைக்குப் பயந்து பூச்சி ஓரளவுதான் ஒதுங்கும். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஒட்டிய பட்டைத்தான் அது முதலில் தேடி வரும். அதனால் கல்யாண வீட்டுக்குக் கட்டிப் போய்வந்த சேலை அன்றே பெட்டிக்குள் போகாது. இரவு முழுக்க உள்ளறைக் கொடியில், துணி சுற்றிய மூங்கிலின்மேல் தொங்கும். வேர்வை உப்பு வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பதால் ஆச்சி மறுநாள் அக்குள் பக்கம், இடுப்புப் பக்கம் எல்லாம் வெளிச்சத்தில் பார்த்த பிறகே மடிப்பாள்.

இப்போது ஹேங்கரில் மாட்டி வைப்பதைச் சுலபம் என்கிறார்கள். மெல்லிய பட்டுக்கு, துணி சுற்றிய தடித்த மரக்கட்டை என்றால் சரி. சரிகை நிறைந்த கனமான சேலை மாதக்கணக்கில் ஒரே கோட்டில் தொங்கினால் முழு எடையும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. இரும்புக் கம்பி ஹேங்கரென்றால் துருவும் சேரும். இன்றைக்கு வருகிற பிளாஸ்டிக் இழைச் சரிகைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வெள்ளிச் சரிகைக்குத் தேவை.

எல்லாச் சேலையும் ஒரே மாதிரி வெள்ளைப் பைக்குள் இருந்தால் எது எங்கே என்று எப்படித் தெரியும்? ஆச்சி தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதே வெட்டுத் துண்டுகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிவிடுவாள். அதில் ஒரு சதுரத் துண்டை அந்தந்தப் பையின் வாய்ப்பக்க மூலையில் வைத்துத் தைத்திருப்பாள். மூலையைப் பார்த்தால் போதும்: அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாம்பழம். பையைப் பிரிக்க வேண்டியதே இல்லை. பைக்குள்ளேயே அதன் ரவிக்கையும் பாவாடையும் இருக்கும். ஆனால் ரவிக்கையை நேரடியாகச் சேலைமேல் வைக்க மாட்டாள். அதன் கொக்கி துருப்பிடித்தால் பட்டில் செம்புள்ளி விழும். அதனால் கொக்கிப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, ஒரு கைக்குட்டைத் துணியில் சுற்றி மேலே வைப்பாள். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு பையை உருவினால் முழு உடுப்பும் கைக்கு வந்துவிடும்.

பெட்டிக்குள் மூன்று சேலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. கனமானது அடியில். அடுக்குகள் நிறத்தைப் பார்த்து அமைந்ததில்லை. போகிற இடத்தைப் பார்த்து அமைந்தது. இடது ஓரம் கல்யாணத்துக்கு, நடுவில் கோவிலுக்கும் வளைகாப்பு மாதிரி விசேஷங்களுக்கும். துட்டி வீட்டுக்குப் போகிற சேலைகள் மட்டும் சுவர் அலமாரியில், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் மேல்தட்டில். அந்த அழைப்பு மட்டும் நாள் சொல்லி வருவதில்லை. அலமாரியில் தினப்படிப் பருத்திச் சேலைகளை, மடிப்பின் உருண்டைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி அடுக்குவாள். ஒன்றை உருவினால் மற்றது கலையாது. துவைத்து வந்தது அடியில் போகும், கட்டுவது மேலிருந்து எடுக்கப்படும். எல்லாச் சேலையும் சமமாகத் தேயும்.

ஆச்சியின் கண் எவ்வளவு தேர்ந்தது என்று நான் பார்த்தது சித்தியின் சேலை வந்தபோது. சித்தி பட்டணத்தில் குடியிருந்தாள். தன் கல்யாணச் சேலையைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு, அட்டைப்பெட்டியோடு, பல வருஷம் பீரோவில் வைத்துவிட்டு, ஒரு கோடை விடுமுறையில் எடுத்து வந்திருந்தாள். ஆச்சி அதைப் பிரித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பிறகு எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு ராத்திரி தொங்கவிட்டும் மறையாத மடிப்பு முதல் அடையாளம். அந்த நிலையில் பிடித்தால் இடம் மாற்றி மடித்துக் காப்பாற்றிவிடலாம். மடிப்பு ஓடும் இடத்தில் சரிகை மங்கிக் கறுத்திருந்தால் அது அடுத்தது. சிவப்பு நூல் தெரிவது மூன்றாவது. சித்தியின் சேலை அதையும் தாண்டியிருந்தது. மடிப்பு போன கோடெல்லாம் ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் தெரிந்தது. சித்தி தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் சரியாகுமா என்று கேட்டாள். ஆச்சி ஆகாது என்று வேகமாகத் தலையாட்டினாள். தண்ணீர்த் துளி பட்டில் வட்டமாகக் கறை விடும். சூடு ஏற்கெனவே முறிந்த தகட்டை நிமிர்த்தாது.

"இது இனிமே சேல இல்ல. பாவாட" என்றாள்.

அவளும் அம்மாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நீளவாக்கில் இரண்டேகால் அடிக்கு ஒரு மடிப்பு விட்டுப்போயிருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவில் பட்டு புத்தம்புதிதாக இருந்தது. ஆகவே கெட்ட கோடுகளில் வெட்டி, நான்கு நல்ல துண்டுகளை இணைத்தால் ஒன்பது அடிச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். இணைப்புத் தையலெல்லாம் கொசுவத்துக்குள் மறைந்துவிடும். அகலத்தின் நடு மடிப்பு விட்ட இடத்தில் வெட்டினால் அதுவே இடுப்பு. ஓரத்திலிருந்து ஒரு அடியில் இன்னொரு விட்ட கோடு இருந்தது. அதுதான் தொல்லை, பாவாடையின் நட்டநடுவில் வரும். அதை டக் பிடித்து உள்ளே மடக்கித் தைக்கச் சொன்னாள் ஆச்சி. தையல்காரர் அப்படியே செய்தார். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் பிறகு டக்கைப் பிரித்து நீளம் விடுவது வழக்கம். இந்தப் பாவாடைக்கு மட்டும் அந்த டக்கைப் பிரிக்கவே கூடாது என்று ஆச்சி சொல்லியிருந்தாள். அந்த வருஷத் தீபாவளிக்கும் அடுத்த பொங்கலுக்கும் அதைக் கட்டினேன். அதற்குமேல் கணுக்காலுக்கு எட்டவில்லை. சித்தியின் மகள் கட்டிக்கொள்ளட்டும் என்று ஆச்சி அதையும் ஒரு வெள்ளைப் பையில் போட்டு, மூலையில் ஒரு துண்டைத் தைத்து, பெட்டியின் நடு அடுக்கில் வைத்தாள்.